சத்தத்தை எழுத்தில் வைப்பது: கவிதையில் ஒலிக்குறிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர், சோதனைக்குப் படிச்ச இரட்டைக்கிளவியும் நீங்கள் சொல்லுற ஒலிக்குறிப்பும் ஒண்டுதானா?

இல்லை. ஓரிடத்தில் சந்திக்கும், பிறகு பிரிந்துவிடும்.

இரட்டைக்கிளவி என்பது சொல்லின் வடிவத்துக்கு இலக்கணம் இட்ட பெயர். இரட்டையாகவே நிற்கும், பிரித்தால் பொருள் தராது. ‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்று தொல்காப்பியம் சொல்வது இதைத்தான். சலசல, கலகல என்பவை காதுக்கு உரியவை. ஆனால் பளபள கண்ணுக்கு, வழவழ தோலுக்கு. இவையும் இரட்டைக்கிளவிதான், ஆனால் இவற்றில் சத்தம் இல்லை. மறுபக்கம் பார்த்தால், குக்கூ, சோ, மடார் எல்லாம் சத்தத்தைப் போலச் செய்பவை, ஆனால் இரட்டையாக நிற்பதில்லை.

கவிதை எழுதுகிறவருக்கு இந்த வடிவத்தைவிட ‘என’ என்ற சின்னச் சொல்தான் முக்கியம். தொல்காப்பியத்தின் இடையியல் அதற்கு ஆறு இடங்களைச் சொல்கிறது: வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர். ‘ஒல்லென ஒலித்தது’ என்பது இசை. ‘துண்ணெனத் துடித்தது’ என்பது குறிப்பு, அதாவது காதில் விழாமல் உடம்பில் உணரப்படுவது. காதில் விழுந்ததையும் உள்ளே உணர்ந்ததையும் ஒரே ‘என’ ஏந்திக்கொள்கிறது. அடுத்த பதில் முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

‘குக்கூ என்றது கோழி’ பாட்டை எல்லாரும் தூக்கிப் பிடிக்கினம். நாலு வரியில அப்பிடி என்ன இருக்கு?

முதலில் பாட்டை வாய்விட்டு ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். குறுந்தொகை 157, பாடியவர் அள்ளூர் நன்முல்லையார்.

குக்கூ என்றது கோழி அதனெதிர்
துட்கென் றன்றுஎன் தூஉ நெஞ்சம்
தோள்தோய் காதலர்ப் பிரிக்கும்
வாள்போல் வைகறை வந்தன்றால் எனவே

பொழுது விடியப் போகிறது, கூடியிருந்தவரைப் பிரிய வேண்டும். சொல்லப்படும் செய்தி இவ்வளவுதான்.

சொல் வரிசையைப் பாருங்கள். ‘கோழி குக்கூ என்றது’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் முதலில் ஒரு கோழி தெரியும், பிறகு அது கூவும். நன்முல்லையார் சத்தத்தை முதலில் வைக்கிறார். இருட்டில் படுத்திருக்கிறவருக்கு அப்படித்தான் நடக்கும். சத்தம் வந்து விழும், அது எதன் சத்தம் என்பது ஒரு கணம் கழித்துத்தான் புரியும். பாட்டின் முதற்சொல்லே நம்மைத் தலைவியின் படுக்கையில், அவளுடைய இருட்டில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

அடுத்தது ‘அதனெதிர்’. அதற்கு எதிராக, அதற்குப் பதிலாக. கோழி கூவுகிறது, நெஞ்சு பதில் சொல்கிறது. கோழி ‘குக்கூ என்றது’, நெஞ்சு ‘துட்கென்றன்று’. இரண்டு வினையும் ‘என்’ என்ற ஒரே வேரில் வருகின்றன. ஊருக்கே கேட்கும் ஒரு சத்தமும் அவளுக்கு மட்டும் கேட்கும் ஒரு திடுக்கிடலும் பேச்சும் மறுபேச்சும் ஆகிவிடுகின்றன. குக்கூ இசை, துட்கு குறிப்பு. இலக்கணம் தனித்தனியாக எண்ணிக் காட்டிய இரண்டையும் கவிஞர் எதிரெதிரே நிற்க வைத்துவிட்டார்.

இனி அந்த இரண்டு சொற்களின் உடம்பு. குக்கூ நெடிலில் முடிகிறது. உதடு குவிந்து காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, சத்தம் வேலி தாண்டிப் பரவுகிறது. துட்கு என்று சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டி ‘ட்’ என்று நின்று, உடனே தொண்டைப் பக்கம் ‘கு’ என்று இறுகுகிறது. நெடில் இல்லை, காற்றுப் போக வழியும் இல்லை. ஒன்று திறந்த சத்தம், மற்றது அடைபட்ட சத்தம். பொருளே தெரியாத ஒருவரிடம் இரண்டையும் சொல்லி, எது வெளியே கேட்டது, எது நெஞ்சுக்குள் நடந்தது என்று கேட்டாலும் சரியாகச் சொல்வார் என்றே நம்புகிறேன்.

எழுத்துகளும் வரிக்கு வரி நகர்கின்றன. முதல் வரியில் குக்கூ, கோழி. அடுத்த இரண்டு வரிகளில் துட்கு, தூஉ, தோள், தோய். கடைசியில் வாள், வைகறை, வந்தன்று. ககரத்தில் கோழி, தகரத்தில் நெஞ்சும் தோளும், வகரத்தில் விடியல். பிரிக்கிற வாள் வரும் வரியில் வல்லின அடிகள் பெரிதாக இல்லை. வகரமும் ளகர லகரமும்தான் முன்னால் நிற்கின்றன. எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது. வெட்டும் சத்தம் எதுவும் கேட்காமல் வெட்டு விழுகிறது. கோழிக்குச் சத்தம் தந்தவர் வாளுக்குத் தரவில்லை, ஏனென்றால் விடியல் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை.

இரவுக்கு என்ன சத்தம்? ‘நள்’ எண்டு வாசிச்சா எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லையே.

குறுந்தொகை 6, பதுமனார் பாடியது. ‘நள்ளென் றன்றே யாமம்’ என்று தொடங்குகிறது. அடுத்து வருவது ‘சொல்லவிந்து இனிதடங் கினரே மாக்கள்’. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். விளக்கு அவிவதைப் போல ஊரின் பேச்சு அவிந்துவிட்டது. பேச்சு இருக்கும் வரைக்கும் நள் கேட்காது.

‘நள்’ என்று சொல்லிப் பாருங்கள். ந மூக்கால் வருகிறது, ள் நாக்கின் இரு பக்கமும் வழுகிப் போகிறது. இரண்டிலும் காற்று அடைபடவில்லை. அதனால் இந்தச் சத்தத்துக்குக் கூர்மையான முடிவு இல்லை, இழுத்துக்கொண்டே இருக்கலாம். ‘டக்’ என்பதை அப்படி இழுக்க முடியாது. மௌனத்தைக் கேட்கச் செய்வதற்குக் கவிஞர் எடுத்துக்கொண்டது இந்த முடிவின்மையைத்தான். நெடுநல்வாடையிலும் ‘நள்ளென் யாமத்தும் பள்ளி கொள்ளான்’ என்று வருகிறது. யாமத்துக்கு நள் என்பது அந்தக் காலத்துக் காதுகளுக்குப் பழகிய சத்தம்.

கொழும்பில் இது கேட்பது கடினம்தான். காலி வீதி முழுக்க அடங்குவதே இல்லை. ஆனால் இரவில் கரண்ட் போய், வீட்டில் ஃபேன் நின்று, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் நின்ற அந்த நேரத்தில் கவனியுங்கள். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல் இருப்பது அப்போதுதான் காதுக்குத் தெரியும். அலையை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க முடியாத தூரத்தில் இருந்தால், கேட்பது நள்தான்.

இதோடு சேர்த்து ஒளவையாரின் குறுந்தொகை 28ஐயும் வாசிக்கச் சொல்வேன். அங்கேயும் ஊர் தூங்குகிறது, ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். ‘முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்’ என்று தொடங்கி, ‘ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்’ என்கிறாள். ‘ஆஅ’ என்ற அளபெடை அந்தக் கூவலேதான். ‘ஒல்’ அது ஊரில் எழுப்பப் போகும் இரைச்சல். ஆனால் ‘வேன்கொல்’ என்பதால் அவள் இன்னும் கூவவில்லை. வாசிக்கிற நமக்குக் கேட்ட கூவல், தூங்கும் ஊருக்குக் கேட்கவே இல்லை. பதுமனாரின் தலைவி மௌனத்தைக் கேட்கிறாள், ஒளவையின் தலைவி அதை உடைக்கத் துடிக்கிறாள்.

‘ட’ சொல்லுக்கு முதல்ல வராது எண்டு படிச்சம். அப்ப டமார், டக் எண்டு எழுதுறது பிழையா?

இன்றைய கவிதையில் பிழை இல்லை. தமிழ்ச் சொல்லுக்கு முதலில் டகரம் வராது என்ற விதி உண்மை, பழைய கவிஞர்கள் அதற்குள் நின்றுதான் எழுதினார்கள். அந்தக் கட்டுப்பாட்டால் அவர்களுக்கு ஒரு கெட்டித்தனம் வந்தது. டகரத்தின் அடியை அவர்கள் சொல்லின் நடுவில் ஒளித்து வைத்தார்கள். ‘துட்கு’ அப்படித்தான் வேலை செய்கிறது. த என்று மெல்லத் தொடங்கி, எதிர்பாராத இடத்தில் ட் வந்து முட்டுகிறது.

இன்னொரு வழி, சத்தத்தை வினைச்சொல்லுக்குள் வைப்பது. நன்னூல் ஒரே நூற்பாவில் ஓசையைக் குறிக்கும் சொற்களை வரிசையாக அடுக்குகிறது. முழக்கு, இரட்டு, பிளிறு, இமிழ், குளிறு, அதிர், குரை, கனை, சிலை என்று அது போகிறது. இவை எதையும் சத்தமில்லாமல் உச்சரிக்க முடியாது. ‘கடல் இமிழ்கிறது’ என்றால் தனியாக ஓர் ‘ஓ’ போட வேண்டிய தேவை இல்லை. இப்போது எழுதும் பிள்ளைகள் ‘சத்தம் போட்டது’, ‘சத்தம் கேட்டது’ என்ற இரண்டையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். இந்த வினைகளில் ஐந்தாறு மீண்டும் புழக்கத்துக்கு வந்தாலே போதும், கவிதைக்குக் காது திறக்கும்.

கொத்து ரொட்டிக் கடையைப் பற்றி எழுதி ‘டக் டக் டக்’ எண்டு போட்டன். சின்னப் பிள்ளைப் பாட்டு மாதிரி இருக்கு எண்டு சொல்லுகினம். எப்பிடித் திருத்துறது?

முதலில் எழுதியது இது:

கொத்துக் கடையில் கூட்டம்
டக் டக் டக் என்று சத்தம்
எனக்குப் பசி வந்தது

‘டக்’ என்ற சொல்லில் பிழை இல்லை, அதைக் கேட்காமல் எழுதியதுதான் பிழை. யார் எழுதினாலும், எந்தக் கடையைப் பற்றி எழுதினாலும் இதே மூன்று டக் வரும். அதோடு ‘என்று சத்தம்’ என்று முடித்ததும் அந்தச் சத்தத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. வாசகர் கேட்பதை விட்டுவிட்டுத் தெரிந்துகொள்கிறார்.

அதனால் கடைக்கு முன்னால் போய் நின்று கேளுங்கள். வெறும் இரும்புத் தட்டில் இரண்டு தகடுகளும் படும்போது சத்தம் மணி போல இழுபடும். அதற்கு மூக்கெழுத்து முடிவு வேண்டும்: டங், ணங். தட்டில் ரொட்டியும் முட்டைக்கோவாவும் லீக்ஸும் விழுந்ததும் அந்த இழுவை செத்துப்போகும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் மெத்தென்ற ஒரு பொருள் வந்துவிட்டது. இப்போது வல்லினத்தில் அறுபடும் ‘டக்’ சரி. ரொட்டி சிறுதுண்டாக ஆக ஆகக் கை வேகம் பிடிக்கும், அடிகளுக்கு நடுவில் மௌனமே இருக்காது. அப்போது ஒற்றெழுத்தை எடுத்துவிட வேண்டும். ‘டக் டக்’ என்பதில் ஒவ்வோர் அடிக்கும் பிறகு ஒரு நிறுத்தம் இருக்கிறது. ‘டகட டகட’ என்பதில் எல்லாம் குறில், ஓட்டம் நிற்காது. அசையாகப் பிரித்தால் ‘டங்டங்’ தேமா, ‘டகட’ புளிமா. கொத்துக்காரரின் கை தேமாவில் தொடங்கிப் புளிமாவுக்கு மாறுகிறது.

அடுத்த கேள்வி, இதை யார் கேட்கிறார்கள்? நன்முல்லையார் கோழியின் சத்தத்துக்கு எதிரே ஒரு நெஞ்சை வைத்தார் அல்லவா? இங்கேயும் ஒருவர் வேண்டும். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து திருத்தியபின் வந்த வடிவம் இது:

டங்டங் என்றது வெறுந்தட்டு.
ரொட்டி விழுந்ததும் தொண்டை கட்டி
டக்கு டக்கு.
பிறகு டகட டகட டகட
“அண்ணே, எனக்கு உறைப்புக் குறைச்சு...”
சொன்னது எனக்கே கேட்கவில்லை.

சத்தம் பெரிது என்று எங்கேயும் சொல்லவில்லை. தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்பதால் அது பெரிதாகிவிடுகிறது. பசியையும் எழுதவில்லை, உறைப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்குப் பசி இருக்கத்தான் செய்யும். முட்டை விழும் ‘சுர்’ரையும் முதலில் சேர்த்திருந்தோம், பிறகு எடுத்துவிட்டோம். அது நல்ல சத்தம்தான். ஆனால் இந்தப் பாட்டு தகட்டுச் சத்தம் மாறுவதைப் பற்றியது, இரண்டாவது சத்தம் வந்தால் காது பிரிந்துபோகிறது.

உங்கள் வரியில் ஒலிச்சொல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொரு சத்தத்தைப் போடுங்கள். ‘டக் டக்’ இருந்த இடத்தில் ‘தட் தட்’ போட்டும் எதுவும் மாறவில்லை என்றால் அது அலங்காரம். ‘டங்டங்’ இருந்த இடத்தில் ‘டகட’ போட்டதும் பாட்டு பொய்யாகிவிடுகிறது என்றால் அது வேலை செய்கிறது.

பாரதியின் ‘மழை’ பாட்டில் வாறதெல்லாம் வெறும் ஜதிதானே? அதை ஒலிக்குறிப்பு எண்டு சொல்லலாமா?

இரண்டும்தான், அதை அவரே சொல்லிவிடுகிறார். ‘சட்டச்சட சட்டச்சட டட்டா என்று தாளங்கள் கொட்டிக் கனைக்குது வானம்’. வானத்தையே வாத்தியக்காரர் ஆக்கியபின் மழை ஜதியில் பெய்வதுதான் முறை. ‘கனைக்குது’ என்பதையும் கவனியுங்கள், நன்னூல் பட்டியலில் இருந்த கனை இங்கே மழைக்குள் வந்து நிற்கிறது.

அந்த வரிக்குச் சற்று முன்னால் காற்று ‘கூ கூவென்று’ விண்ணைக் குடைகிறது. காற்றுக்கு நெடில், அடிக்கும் வானத்துக்கு ஒற்று மிகுந்த வல்லினம். இரண்டும் சில அடிகளுக்குள் வந்தாலும் காதில் ஒன்றோடொன்று கலக்கவில்லை. வெறும் ஜதியாக இருந்தால் இந்தப் பிரிவு தேவையில்லை. காற்றையும் சேர்த்துத் தகரத்திலும் டகரத்திலும் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

ஒலிச்சொல் ஒண்டும் போடாமல் சத்தத்தைக் கேக்கச் செய்யலாமா?

செய்யலாம், சில இடங்களில் அதுதான் நல்லது. மிக மெல்லிய சத்தத்துக்கு ஒலிச்சொல் போட்டால் அது பெரிதாகிவிடும். குறுந்தொகை 138இல் கொல்லன் அழிசி நொச்சிப் பூ உதிர்வதைக் கேட்கிறார். ‘கொன்னூர் துஞ்சினும் யாம்துஞ் சலமே’ என்று தொடங்கி, வீட்டுக்குப் பக்கத்தில், மயிலின் அடி போன்ற இலையுடைய நொச்சி, அதன் மென்கொம்பு, மணி போன்ற பூ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போய், கடைசியில் ‘பாடு நனி கேட்டே’ என்கிறார். பாடு என்றால் விழும் ஓசை. அது எப்படிப்பட்ட ஓசை என்று அவர் போலச் செய்து காட்டவில்லை. பூ விழும் சத்தத்துக்கு எந்த எழுத்தைப் போட்டாலும் அது பூவைவிடக் கனமாகிவிடும். அதற்குப் பதிலாக நம் காதை அந்த ஒரே மரத்துக்குக் கொண்டுபோகிறார்.

மிகப் பெரிய சத்தத்துக்கும் இதே நிலைதான். இராமன் வில்லை முறிக்கும் இடத்தில் கம்பன் ‘எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்’ என்று முடித்துவிட்டான். வளைத்ததையும் நாணேற்றியதையும் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். பார்த்தது எடுத்ததை, அடுத்ததாகக் கேட்டது முறிந்ததை. அங்கே ‘மடார்’ என்று ஒரு சொல் வந்திருந்தால் நாம் அந்தச் சொல்லைக் கேட்டிருப்போம். ‘இற்றது’ என்பதில் றகரம் இரட்டித்து நிற்கிறது, முறிவுக்கு அதுவே போதும்.

நடுத்தரமான, உருவம் தெளிவாகத் தெரிகிற சத்தங்களுக்குத்தான் ஒலிச்சொல் நன்றாகப் பொருந்துகிறது. கோழி, பறை, தகடு, கதவு, மழை போன்றவை அந்த வகை.

‘ர்ர்ர்ர்’, ‘ஸ்ஸ்ஸ்’ எண்டு எழுத்தை இழுத்து எழுதலாமா?

அளபெடை நம்மிடம் இருக்கிறது. ‘ஆஅ’ அதற்கு நல்ல சான்று. ஒற்றளபெடைக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு, அங்கே நீளும் ஒற்றுகளில் ர் இல்லை என்றாலும் இன்றைய கவிதையில் நீட்டுவதில் தவறில்லை. ஆனால் ஐந்து ர் போட்டால் ஐந்து மடங்கு கேட்பதில்லை, கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் பக்கத்தில் இருக்கும் வினை பலவீனமாக இருக்கிறது என்று கொள்ளலாம், வினையை மாற்றிப் பாருங்கள்.

கவியரங்கத்தில வாசிக்கேக்க இந்தச் சொல்லுகளை நடிச்சுக் காட்டவேணுமா?

வேண்டாம். கோழியைப் போலக் கூவிக் காட்டினால் சபைக்குக் கோழி கேட்கும், அதைக் கேட்ட பெண் காணாமல் போவாள். ‘குக்கூ’வை மற்றச் சொற்களின் அதே குரலில் சொல்லி நெடிலை முழுதாக விடுங்கள். ‘துட்கு’ வரும்போது ட்-க்குப் பிறகு அவசரப்படாதீர்கள், நாக்கு ஒட்டியபடி ஒரு கணம் நிற்கட்டும். மைக் இருந்தால் வல்லினம் வெடித்துக் கேட்கும் என்பதால் டகரம் நிறைந்த வரிகளில் முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். ‘நள்’ளுக்கு மட்டும் மைக்குக்குக் கிட்ட வாருங்கள், ள் முடியும் வரைக்கும் அடுத்த சொல்லைத் தொடங்க வேண்டாம்.